கால் நானோ வினாடி எங்கே போனது?

1987-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு ஆர்த்தோ-பாசிட்ரோனியத்தின் சராசரி ஆயுளை அளந்து, 141.8 நானோ வினாடி என்று அறிவித்தது. குவாண்டம் மின்னியக்கவியல் அப்போது சொல்லிக்கொண்டிருந்த விடை ஏறக்குறைய 142.1. வித்தியாசம் கால் நானோ வினாடிதான். ஆனால் அந்தக் குழு தன் அளவீட்டுக்குக் கொடுத்திருந்த பிழை வரம்பு 0.03 நானோ வினாடிக்கும் குறைவு. அதாவது வித்தியாசம் பிழை வரம்பைப்போல் பத்து மடங்கு. எலக்ட்ரானும் ஒளியும் மட்டுமே பங்கேற்கும் ஒரு கணக்கில் இப்படி ஓர் இடைவெளி வந்தால் அதை ஓரமாக ஒதுக்கி வைக்க முடியாது. இந்தக் கால் நானோ வினாடிக்குக் கணக்குச் சொல்லி முடிக்க 16 ஆண்டுகள் ஆயின.

அந்தக் கதைக்குப் போகுமுன் பாசிட்ரோனியம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். ஹைட்ரஜனில் புரோட்டான் இருக்கும் இடத்தில் ஒரு பாசிட்ரானை வைத்தால் அதுதான் பாசிட்ரோனியம். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே நிறை என்பதால் நடுவில் கனமான கரு எதுவும் இல்லை. அளவில் ஹைட்ரஜனைப்போல் இரண்டு மடங்கு, பிணைப்பாற்றல் பாதி, அதாவது 6.8 எலக்ட்ரான் வோல்ட். 1951-இல் எம்.ஐ.டி.யில் மார்ட்டின் டாய்ச் வாயுக்களுக்குள் பாசிட்ரான்களை விட்டு இதை முதன்முதலில் கண்டுபிடித்தார்.

எலக்ட்ரானுக்கும் பாசிட்ரானுக்கும் தனித்தனியாக ஸ்பின் உண்டு. இரண்டும் சேரும்போது மொத்த ஸ்பின் 0 ஆகலாம், 1 ஆகலாம். 0 என்றால் பாரா, 1 என்றால் ஆர்த்தோ. ஸ்பின் 1 மூன்று திசைநிலைகளில் இருக்க முடியும், 0-க்கு ஒரே நிலைதான். அதனால் பொதுவாகப் பிறக்கும் பாசிட்ரோனியத்தில் முக்கால் பங்கு ஆர்த்தோ, கால் பங்கு பாரா. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அணுதான். ஆயுளில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. பாரா 0.125 நானோ வினாடியில் இரண்டு காமா ஃபோட்டான்களாக மறைகிறது. ஆர்த்தோ 142 நானோ வினாடி தாக்குப்பிடித்து மூன்று ஃபோட்டான்களாக மறைகிறது. ஆயிரம் மடங்குக்கும் மேல்.

ஏன் ஒன்றுக்கு இரண்டு, இன்னொன்றுக்கு மூன்று? இதற்கு இணையத்தில் அடிக்கடி சுற்றிவரும் ஒரு விளக்கம் உண்டு. ஃபோட்டானின் ஸ்பின் 1, எதிரெதிராக இரண்டு போனால் கூட்டல் 0, மொத்தம் 1 வர வேண்டுமானால் மூன்று தேவை என்று முடித்துவிடுவார்கள். விடை சரியாக வந்தாலும் வழி சரியில்லை. ஸ்பின் 1 கொண்ட இரண்டு பொருள்களைக் கூட்டினால் 0, 1, 2 மூன்றுமே வரும் என்பதுதான் சாதாரண விதி. இரண்டு ஃபோட்டான்களால் மொத்தம் 1-ஐ உண்டாக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அது வெறும் கூட்டலில் வருவதில்லை. ஃபோட்டான்களுக்கு நிறை இல்லை, இரண்டும் ஒன்றுபோலிருப்பவை என்ற இரண்டையும் சேர்த்து வாதிட்டால்தான் வரும். லாண்டாவும் யாங்கும் தனித்தனியாக நிறுவிய தேற்றம் அது. அதோடு, அந்தத் தேற்றம் இரண்டைத்தான் தடுக்கிறது. நான்கு ஏன் இல்லை என்பதற்கு அதில் பதில் இல்லை.

முழுப் பதில் வேறோர் இடத்தில் இருக்கிறது. உலகத்தில் உள்ள எல்லா நேர் மின்னூட்டங்களையும் எதிராகவும், எதிர் மின்னூட்டங்களையும் நேராகவும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்காந்த விசைகளுக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. எல்லாம் முன்போலவே நடக்கும். ஆனால் மின்புலத்தின் திசை திரும்பிவிடும், காந்தப்புலத்தின் திசையும் திரும்பிவிடும். ஃபோட்டான் அந்தப் புலத்தின் துகள் என்பதால், இந்த மாற்றத்தின்போது ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஒரு மைனஸ் குறி சேரும். இரண்டு ஃபோட்டானுக்கு இரண்டு மைனஸ், அதாவது பிளஸ். மூன்றுக்கு மைனஸ். நான்குக்கு மறுபடி பிளஸ்.

இப்போது பாசிட்ரோனியத்தின் பக்கம் வருவோம். மின்னூட்டத்தை மாற்றினால் எலக்ட்ரான் பாசிட்ரானாகும், பாசிட்ரான் எலக்ட்ரானாகும். கிடைப்பது அதே பாசிட்ரோனியம்தான், ஆனால் பிளஸ் குறியோடா மைனஸ் குறியோடா? எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் ஒரே வகை ஃபெர்மியானின் இரண்டு மின்னூட்ட நிலைகளாகப் பார்த்தால், இரண்டின் இடம், ஸ்பின், மின்னூட்டம் மூன்றையும் மொத்தமாக இடம்மாற்றும்போது மைனஸ் வந்தே ஆக வேண்டும். அது பௌலி விதி. தரைநிலையில் சுற்றும் கோண உந்தம் 0, அதனால் இடத்தை மாற்றினால் குறி மாறாது, பிளஸ். ஸ்பினை மாற்றினால் ஆர்த்தோவுக்குப் பிளஸ், பாராவுக்கு மைனஸ். மூன்றையும் பெருக்கினால் மைனஸ் வர வேண்டும் என்பதால் மின்னூட்ட மாற்றத்தின் குறி தானாகவே கிடைத்துவிடுகிறது: பாராவுக்குப் பிளஸ், ஆர்த்தோவுக்கு மைனஸ். அந்தக் குறியை C என்றும், சுற்றும் கோண உந்தத்தை L என்றும், மொத்த ஸ்பினை S என்றும் சூத்திரமாக எழுதினால் C = (−1)^(L+S).

மின்காந்த விசை இந்தக் குறியை மாற்றவே மாற்றாது. பிளஸ் குறியோடு தொடங்கிய பாரா பிளஸ் குறியிலேயே முடிய வேண்டும். ஆகவே இரட்டைப்படை ஃபோட்டான்கள். ஆர்த்தோவுக்கு ஒற்றைப்படை. ஒற்றைப்படையில் மிகச் சிறியது 1 ஆயிற்றே என்று கேட்கலாம். நின்றுகொண்டிருக்கும் ஓர் அணு ஒரே ஒரு ஃபோட்டானாக மாறினால் அந்த ஃபோட்டான் ஏதாவது ஒரு திசையில் உந்தத்தோடு போயாக வேண்டும். தொடக்கத்திலோ மொத்த உந்தம் பூஜ்யம். அந்தக் கணக்கைச் சரிக்கட்ட வேறு யாரும் இல்லை. எனவே 1 கிடையாது, 3-தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு, மூன்று என்பவை பெரும்பான்மை, முழு விதி அல்ல. பாரா எப்போதாவது நான்கு ஃபோட்டான்களாகவும், ஆர்த்தோ ஐந்தாகவும் போகும். இரண்டுமே ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. பாரா மூன்றாகப் போவதுதான் பார்க்கவே கிடைக்காத விஷயம்.

ஆயுள் ஏன் ஆயிரம் மடங்கு நீள்கிறது என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஒவ்வொரு கூடுதல் ஃபோட்டானை வெளியேற்றவும் ஏறக்குறைய 1/137 என்ற விலை கொடுக்க வேண்டும். அது போதாது, 1,100-க்குப் பக்கத்தில் வர இன்னும் எட்டு மடங்கு தேவை. இரண்டு ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசையில் தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டோடு போகும், வேறு வழியே இல்லை. மூன்று ஃபோட்டான்களோ மொத்தம் 1,022-ஐத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 511 வரை எது வேண்டுமானாலும் கிடைக்கலாம். அந்தப் பங்கீட்டையெல்லாம் கூட்டிப் பார்த்தால் (π² − 9) என்ற ஒரு காரணி வருகிறது. π²-இன் மதிப்பு 9.87, 9-ஐக் கழித்தால் மீதி 0.87. மற்ற எண்களோடு சேர்ந்து அது அந்த எட்டு மடங்கைக் கொடுத்துவிடுகிறது. 1949-இல் ஓரேயும் பவலும் செய்த கணக்கு இது.

இந்தக் குறி விதியால் ஆர்த்தோவுக்குப் பெரிய சங்கடம் ஒன்றும் வருகிறது. அது நெடுங்காலம் உயிரோடு இருக்கிறது என்பதால் அதற்குள் மற்றவர்கள் வந்து தொந்தரவு செய்ய நேரம் கிடைத்துவிடுகிறது. ஆர்த்தோவில் இருக்கும் பாசிட்ரான், தன்னோடு கட்டப்பட்ட எலக்ட்ரானை விட்டுவிட்டு, மோதிய மூலக்கூறிலுள்ள இன்னோர் எலக்ட்ரானோடு, எதிர் ஸ்பினோடு, அழிந்துவிடலாம். அப்போது இரண்டு ஃபோட்டான்கள் வரும். இதைப் பிக்-ஆஃப் என்பார்கள். நெருக்கமான பாலிமர்களில் இந்தப் பிக்-ஆஃப் காரணமாக ஆர்த்தோ 142 நானோ வினாடிக்குப் பதில் சில நானோ வினாடிகளே இருக்கும். (பாலிமருக்குள் இருக்கும் நுண்துளைகளின் அளவைக் கண்டுபிடிக்க இதையே பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்குத் தொந்தரவு, இன்னொருவருக்குத் தொழில்.)

அளவீடு இப்படி நடக்கும். சோடியம்-22 பாசிட்ரானை உமிழும்போதே 1.27 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா ஒன்றையும் உமிழும். அல்லது வெளியேறும் பாசிட்ரானையே துகள் பட்டால் ஒளிரும் ஒரு மெல்லிய சின்டிலேட்டரில் பார்த்துக் கடிகாரத்தைத் தொடங்கலாம். அழிவின் காமா வந்தால் கடிகாரம் நிற்கும். கோடிக்கணக்கான முறை இதைச் செய்து, எத்தனை நானோ வினாடியில் எத்தனை நிகழ்வு என்று வரைபடம் போட்டால், பாராவும் மற்ற வேகமான அழிவுகளும் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் நீண்டு சரியும் வால்தான் ஆர்த்தோ. அந்தச் சரிவிலிருந்து ஒரு மைக்ரோ வினாடிக்கு எத்தனை சிதைவு என்ற வீதம் கிடைக்கும். அதை λ என்போம். ஆயுள் குறைந்தால் λ கூடும். கோட்பாட்டின் λ ஏறக்குறைய 7.04.

மிச்சிகன் குழு முதலில் இதை வாயுக்களுக்குள் செய்தது. வாயு இருந்தால் பிக்-ஆஃப் இருக்கும், அதனால் அளக்கப்படும் λ எப்போதும் உண்மையான λ-ஐவிடக் கூடுதல். வாயு அடர்த்தி குறையக் குறைய கூடுதலும் குறையும். பல அடர்த்திகளில் அளந்து, புள்ளிகள் வழியே ஒரு நேர்கோடு வரைந்து, அடர்த்தி பூஜ்யம் வரை நீட்டினால் கிடைப்பது வெற்றிடத்தின் λ. யாருக்கும் சந்தேகம் வராத, பாடப்புத்தக வழி. விடை 7.05-க்கு மேல் வந்தது. வாயுவே வேண்டாமென்று வெற்றிடக் குழிவு ஒன்றைக் கட்டி, அதற்குள் பாசிட்ரான் கற்றையை விட்டு 1990-இல் மறுபடி அளந்தார்கள். குழிவின் சுவரில் மோதுவதாலும் நுழைவாயில் துளை வழியே தப்பிப்பதாலும் வரும் இழப்பை, குழிவின் அளவையும் துளையின் அளவையும் மாற்றி மாற்றிப் பூஜ்யத்துக்கு நீட்டினார்கள். விடை 7.0482. பிழை வரம்பு 0.0016. கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் கோட்பாட்டோடு சேரவில்லை.

வெவ்வேறு இரண்டு முறைகள் ஒரே பக்கம் தவறுகின்றன என்றால் நம்பத்தான் தோன்றும். அந்தக் காலத்தில் இரண்டு வழியாக யோசித்தார்கள். ஒன்று, கோட்பாட்டுக் கணக்கு இன்னும் முடியவில்லை. முன்பு பார்த்த 1/137-தான் α. (α/π)-இன் இரண்டாம் அடுக்குத் திருத்தத்தை யாரும் முழுதாகக் கணக்கிட்டிருக்கவில்லை. ஆனால் இடைவெளியை அதை வைத்தே அடைக்க வேண்டுமானால் அந்தத் திருத்தத்தின் கெழு 250-இலிருந்து 340 வரை இருக்க வேண்டும். முதல் அடுக்கின் கெழு 10 சொச்சம்தான். இன்னொன்று, ஆர்த்தோ நமக்குத் தெரியாத ஏதோ ஒரு துகளாகச் சிதைகிறது என்பது. நம் துகள்களுக்குக் கண்ணாடிப் பிம்பம்போன்ற இணைகள் இருப்பதாகக் கற்பிக்கப்படும் ஒரு கண்ணாடி உலகத்துக்குப் போய்விடுகிறது என்றுகூட எழுதினார்கள். அதற்கு நூற்றில் ஒன்றின் பத்தில் ஒரு பங்கு அளவில் காணாமல் போகும் சிதைவு வேண்டும். தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பிழை நேர்கோட்டில் இருந்தது. இதை முதலில் கைகாட்டியது 1995-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அசாய், ஓரிட்டோ, ஷினோஹாரா குழு.

நேர்கோடு வரைய ஒரு நிபந்தனை வேண்டும். ஒரு மூலக்கூறுக்கு இத்தனை பிக்-ஆஃப் என்ற அளவு எல்லா அடர்த்தியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அது ஆர்த்தோவின் வேகத்தைப் பொறுத்தது. ஆர்த்தோ பிறக்கும்போது எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றலோடு பாய்ந்தோடும். வாயுவோடு மோதி மோதி அறைவெப்பநிலைக்கு, அதாவது ஏறக்குறைய 0.04 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு, இறங்க வேண்டும். அதன் நிறையோ இரண்டு எலக்ட்ரான் மட்டும். நைட்ரஜன் மூலக்கூறு அதைப்போல் 25,000 மடங்கு கனம். பாறாங்கல்லில் எறிந்த கோலிக்குண்டு மாதிரி, மோதியதும் திசைதான் மாறும், வேகம் அப்படியே இருக்கும். சாதாரண மீள் மோதலில் ஒரு தடவைக்கு ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போனால் பெரிது. குளிர்வதற்குப் பல்லாயிரம் மோதல்கள் வேண்டும். அடர்த்தி குறைந்த வாயுவில் அந்த மோதல்களுக்கு நேரமே கிடைக்காது. ஆர்த்தோ சூடாகவே இருக்கும்போது அளவீடு தொடங்கிவிடும்.

இது எவ்வளவு நயமாக ஏமாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் என்னுடையவை, எந்தச் சோதனையின் தரவும் அல்ல. உண்மையான λ 7.04, முழுக்கக் குளிர்ந்த ஆர்த்தோவுக்கு ஓர் அலகு அடர்த்திக்குப் பிக்-ஆஃப் 0.10 என்று கொள்வோம். அடர்த்தி 2-இல் எல்லாம் குளிர்ந்துவிட்டது, அளந்தால் 7.24. அடர்த்தி 1-இல் கொஞ்சம் சூடு மிச்சம், பிக்-ஆஃப் பத்து சதவீதம் கூடி, 7.15. அடர்த்தி 0.5-இல் இருபது சதவீதம் கூடி, 0.05-க்குப் பதில் 0.06, அளந்தால் 7.10. இந்த மூன்று புள்ளிகள் வழியே நேர்கோடு பொருத்தினால் பூஜ்யத்தில் 7.055 வருகிறது. உண்மை 7.04. தவறு 0.015, மிச்சிகனின் இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவுதான். இதில் வயிற்றைக் கலக்கும் விஷயம் வேறு. மூன்று புள்ளிகளும் அந்தக் கோட்டிலிருந்து 0.0025-க்கு மேல் விலகவில்லை. வரைபடத்தைப் பார்ப்பவர் எவரும் அருமையான நேர்கோடு என்றுதான் சொல்வார். குறைந்த அடர்த்திப் புள்ளிகள்தான் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் நம்பகமானவை என்று தோன்றும், ஆனால் மோசமாகக் கெட்டிருப்பவையும் அவைதான்.

டோக்கியோ குழு நேர்கோட்டையே கைவிட்டது. அவர்கள் சிலிகா தூளுக்குள் ஆர்த்தோவை உண்டாக்கினார்கள். தூளின் மணிகளுக்கு நடுவே ஆர்த்தோ ஓடும், மோதும், பிக்-ஆஃப் நடக்கும். அந்தப் பிக்-ஆஃபை நீட்டிக் கழிக்காமல் நேரடியாக அளந்தார்கள். இங்கேதான் இரண்டு-மூன்று விதி மறுபடி வருகிறது. பிக்-ஆஃப் இரண்டு ஃபோட்டான் தரும், ஒவ்வொன்றும் சரியாக 511. ஆர்த்தோ தானாகச் செத்தால் மூன்று ஃபோட்டான், ஆற்றல் 0 முதல் 511 வரை பரவிக்கிடக்கும். ஜெர்மேனியம் உணரி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். 511-இல் ஒரு கூரான முனை நின்றால் அது பிக்-ஆஃப், முனைக்குக் கீழே விரிந்த மேடு ஆர்த்தோ. ஒவ்வொரு நேரத் துண்டிலும் முனைக்கும் மேட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், பிறந்து 100 நானோ வினாடியில் பிக்-ஆஃப் எவ்வளவு, 300-இல் எவ்வளவு, 500-இல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பார்த்தபோது விகிதம் நிலையாக இல்லை. பல நூறு நானோ வினாடி வரைக்கும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. ஆர்த்தோ அத்தனை நேரம் குளிர்ந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். இந்த மாறும் பிக்-ஆஃபைப் பொருத்துதலுக்குள்ளேயே சேர்த்ததும் λ 7.0398 என்று வந்தது. பிழை வரம்பு 0.0029 என்பதால் தீர்ப்பு சொல்லப் போதாது, ஆனால் கோட்பாட்டின் மேலேயே விழுந்தது.

வெற்றிடச் சோதனையில் வாயுவே இல்லையே, அங்கே என்ன நடந்தது? அதே நோய், வேறு அறிகுறி. வேகமான ஆர்த்தோ குழிவின் சுவரில் அதிகம் மோதும், துளை வழியாகவும் எளிதில் தப்பிக்கும். கணக்கு எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. மிச்சிகன் குழு இதை யார் சொல்லியும் கேட்காமல் பிடிவாதமாக இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1987, 1990 இரண்டு தாள்களிலும் பெயர் இருந்த கிட்லியே, 2003-இல் வலரி, ஸிட்ஸெவிட்ஸ் ஆகியோரோடு சேர்ந்து தங்கள் சோதனையைத் திருத்தினார். நுண்துளைகள் நிறைந்த ஒரு சிலிகா படலத்துக்குள் பாசிட்ரான் கற்றையை இறக்கினார்கள். ஆர்த்தோ அந்தத் துளைகளுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான தடவை மோதிக் குளிர்ந்துவிட்டு, அப்புறம்தான் வெற்றிடத்துக்கு வெளியே வரும். விடை 7.0404, புள்ளியியல் பிழை 0.0010, மற்ற பிழை 0.0008. அதே ஆண்டு டோக்கியோவில் ஜின்னோச்சி, அசாய், கோபயாஷி மூவரும் 7.0396 என்று பெற்றார்கள். ஒன்று கற்றையும் வெற்றிடமும், இன்னொன்று தூளும் ஜெர்மேனியமும்.

கோட்பாட்டுப் பக்கத்தில் 2000-இல் ஆட்கின்ஸ், ஃபெல், சபிர்ஸ்டைன் இரண்டாம் அடுக்குக் கெழுவைக் கணக்கிட்டு முடித்திருந்தார்கள். 250-உம் இல்லை, 340-உம் இல்லை. ஏறக்குறைய 45. இன்றைக்குக் கோட்பாட்டின் λ 7.03998. ஆயுளாக மாற்றினால் 142.05 நானோ வினாடி. கண்ணாடி உலகத்தைத் தேடியவர்களும் அதன்பின் வெகுதூரம் போனார்கள். ஆர்த்தோ எதுவுமே கண்ணில் படாமல் மறைவது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சூரிச்சில் 2007-இல் காட்டினார்கள்.

அந்த இரண்டாம் அடுக்குத் திருத்தம் மொத்த λ-வில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான். 2003-இன் அளவீடுகள் ஒவ்வொன்றின் பிழையும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே அவை இடைவெளியை மூடினவே தவிர, அந்தத் திருத்தம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை. 2009-இல் டோக்கியோ குழு தன் புதிய தரவைப் பழையவற்றோடு சேர்த்து 7.0401, பிழை வரம்பு 0.0007, என்று பெற்றபோதுதான் அந்தத் திருத்தம் இல்லாத கணக்கு முதன்முறையாகக் கொஞ்சம் பின்தங்கத் தொடங்கியது. கோட்பாடு பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு வரை போயிருக்கிறது, சோதனை பத்து லட்சத்தில் நூறில் நிற்கிறது. இடையில் நிற்பது இன்னும் பழைய கேள்விதான்: ஆர்த்தோ எந்த நானோ வினாடியில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது?